ஸ்டேட்டஸ் ‘Completed’, மில்லில் ‘பணம் ஏறலீங்க’: என்ன பதில் எழுதுவது?

கேள்வி: திருப்பூரில் சின்னதாக பனியன் கம்பெனி வைத்திருக்கிறேன். நூல் பில் ₹3,52,800. போன லோடுக்கான டெபிட் நோட் ₹4,620 கழித்து ₹3,48,180-ஐ நேற்று மதியம் ஆர்டிஜிஎஸ் போட்டேன். நெட் பேங்கிங்கில் ‘Completed’ என்று காட்டுகிறது. ஸ்கிரீன்ஷாட்டும் அனுப்பிவிட்டேன். மில் அக்கவுண்டன்ட் “இன்னும் ஏறலீங்க, ஏறுனாத்தான் வண்டி விடுவோம்” என்கிறார். மெஷின் நிற்கிறது. இன்னொரு தடவை போட்டுவிட்டு, முதல் பணம் வந்ததும் திருப்பி வாங்கிக்கொள்ளலாமா? அவருக்கு என்ன பதில் சொல்வது?

பதில்:

இரண்டாவது தடவை போடாதீர்கள். முதல் பணம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் இன்னொன்று போட்டால், அடுத்த வாரம் உங்கள் பிரச்சினை “பணம் போகவில்லை” என்பதிலிருந்து “கூடுதலாகப் போன மூன்றரை லட்சத்தைத் திருப்பித் தரவில்லை” என்பதாக மாறிவிடும். அது இதைவிட நீளமான வழக்கு. மில் நல்ல மில்லாகவே இருந்தாலும், அந்தப் பணத்தை அடுத்த பில்லுக்கு வரவு வைத்துக்கொள்வார்களே தவிர, திருப்பி அனுப்புவது அபூர்வம்.

நீங்கள் பார்க்கும் ‘Completed’ உங்கள் வங்கியின் பேச்சு. உங்கள் கணக்கில் கழித்தோம், ரிசர்வ் வங்கி வழியாக எதிர் வங்கிக்குச் சேர்த்தோம் என்பதுதான் பெரும்பாலும் அதற்குப் பொருள். எதிர் வங்கி அதை எந்தக் கணக்கில் ஏற்றியது என்பது அந்த ஒரு வார்த்தையில் இல்லை. அதனால் நீங்கள் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், அக்கவுண்டன்ட் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். இதை மனதில் வைத்துக்கொண்டால்தான் பதிலின் தொனி சரியாக வரும். “நான் போட்டாச்சு, உங்க பேங்க்ல கேளுங்க” என்று எழுதினால் அவர் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார். பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

ஆர்டிஜிஎஸ்ஸில் உங்களுக்குச் சாதகமான ஒரு விதி இருக்கிறது. எதிர் வங்கிக்குத் தகவல் போய்ச் சேர்ந்த 30 நிமிடத்துக்குள் கணக்கில் ஏற்ற வேண்டும். ஏற்ற முடியாத கணக்கு என்றால், ஒரு மணி நேரத்துக்குள்ளோ அன்றைய ஆர்டிஜிஎஸ் நாள் முடிவதற்குள்ளோ, எது முந்தியதோ அதற்குள், திருப்பி அனுப்ப வேண்டும். நெஃப்ட் என்றால் அரை மணிக்கு ஒரு பேட்ச். அந்த பேட்ச் முடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும் அல்லது திருப்ப வேண்டும். ஞாயிறு, விடுமுறை என்ற பேச்சும் இப்போது கிடையாது. நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்தும் ஆர்டிஜிஎஸ் 2020 டிசம்பரிலிருந்தும் 24 மணி நேரமும் ஓடுகின்றன. ஆக, நேற்று மதியம் போட்ட பணம் இன்று காலை வரை உங்களுக்குத் திரும்பவில்லை என்றால், அது ஏதோ ஒரு கணக்கில் ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வதுதான் பெரும்பாலும் சரி. எந்தக் கணக்கு என்பதே கேள்வி.

திரும்பவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? பணம் அனுப்பிய பக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். பணம் திரும்பிய பிறகும் பல வங்கிகளின் திரையில் அந்தப் பரிவர்த்தனை ‘Completed’ என்றே நிற்கும். உங்கள் கணக்கு ஸ்டேட்மென்ட்டை நேற்றிலிருந்து இன்று வரை இறக்கி, வரவுப் பக்கத்தில் ₹3,48,180 தனி வரியாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் ‘RETURN’ என்றோ அதன் சுருக்கமோ இருக்கும். கணக்கு மூடப்பட்டது, அப்படி ஒரு எண் இல்லை என்று காரணமும் சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த வரி இருந்தால் அக்கவுண்டன்ட் சொன்னதுதான் சரி. விவரத்தைச் சரிபார்த்துப் புதிதாகப் போட வேண்டியதுதான்.

வரி இல்லையென்றால், பதில் எழுதுவதற்கு முன் இரண்டு காகிதங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று, அந்தப் பரிவர்த்தனையின் முழு விவரப் பக்கம். இன்னொன்று, மில் கொடுத்த இந்த பில்லின் அடிப்பகுதி. கணக்கு எண்ணை இலக்கம் இலக்கமாக ஒப்பிடுங்கள். பெயரைப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ்ஸில் எதிர் வங்கி கணக்கு எண்ணை மட்டும் வைத்தே பணத்தை ஏற்றலாம். நீங்கள் அடித்த பெயரோடு பொருத்திப் பார்க்க வேண்டிய கட்டாயம் அதற்கு இல்லை. எண்ணைச் சரியாகக் கொடுக்கும் பொறுப்பு அனுப்புகிறவருடையது. 2025 ஏப்ரலிலிருந்து, போடுவதற்கு முன்பே கணக்குக்காரர் பெயரைக் காட்டும் வசதியை வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. ஆனால் நீங்கள் ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் பழைய பெனிஃபிஷியரிக்கு அந்தப் பெயரை யார் திரும்பப் பார்க்கிறார்கள்?

நம் ஊரில் இதில் இன்னொரு சிக்கல் உண்டு. ஒரே குடும்பத்தில் மில் ஒரு பெயரில், டிரேடர்ஸ் ஒரு பெயரில், தம்பி மேல் ஒரு ஃபர்ம், சம்சாரம் மேல் ஒரு ஃபர்ம் என்று இருக்கும். எல்லாவற்றுக்கும் முதல் பாதி ஒரே குலதெய்வத்தின் பெயர். பில் மில் பெயரில் வரும், பணம் டிரேடர்ஸ் கணக்குக்குப் போயிருக்கும். உங்கள் பக்கத்திலும் இதே கதைதான். கம்பெனி போர்டில் ஒரு பெயர், வங்கிக் கணக்கில் வேறு பெயர் என்றால், மில் ஸ்டேட்மென்ட்டில் வங்கிப் பெயர்தான் விழும். அக்கவுண்டன்ட் உங்கள் போர்டு பெயரைத் தேடிக்கொண்டிருப்பார்.

உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகமே அவர் தேடும் விதத்தின் மேல்தான். பில் ₹3,52,800. அவர் எக்ஸலிலோ வங்கித் திரையிலோ அந்தத் தொகையை அடித்துத் தேடியிருந்தால் ஒன்றும் வராது, ஏனென்றால் நீங்கள் அனுப்பியது ₹3,48,180. டெபிட் நோட் விஷயம் மில்லின் தரப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும், அக்கவுண்டன்ட் மேசைக்கு வந்திருக்காது. டிடிஎஸ் பிடித்துக்கொண்டு அனுப்பும்போதும் இதே கூத்து நடக்கும்.

இனி யூடிஆர் எண். ஸ்கிரீன்ஷாட்டில் இரண்டு எண்கள் இருக்கலாம். ஒன்று உங்கள் வங்கி தன் வசதிக்குக் கொடுத்த ரெஃபரன்ஸ். அதை வைத்து எதிர் வங்கியால் எதையும் தேட முடியாது. மற்றொன்றுதான் யூடிஆர். ஆர்டிஜிஎஸ் என்றால் 22 எழுத்து-எண் இருக்கும்: முதல் நான்கு உங்கள் வங்கியின் ஐஎஃப்எஸ்சி எழுத்துகள், ஐந்தாவது R, அதற்கடுத்த ஓர் இடத்தைத் தாண்டினால் வருடம்-மாதம்-நாள் எட்டு இலக்கத்தில், கடைசியில் வரிசை எண். நெஃப்ட்டுக்கு 16. எண்ணிப் பாருங்கள். ஆர்டிஜிஎஸ் போட்டுவிட்டு 12 இலக்க எண் ஒன்றை அனுப்பியிருந்தால், நீங்கள் அனுப்பியது வேறு எதையோ.

இவ்வளவும் கையில் வந்த பிறகு எழுதுங்கள். படமாக வேண்டாம், எழுத்தாகவே அனுப்புங்கள். அவர் யூடிஆரை நகலெடுத்துத் தேடும் பெட்டியில் ஒட்ட முடிய வேண்டும். நான் எழுதினால் இப்படி எழுதுவேன் (எண்கள் மாதிரிக்கு):

“வணக்கம் சார். பில் எண் 1187-க்கான பணம் சம்பந்தமாக. பில் தொகை ₹3,52,800, டெபிட் நோட் 42-க்கு ₹4,620 கழித்து ₹3,48,180 அனுப்பியுள்ளோம். 12-06-2025 மதியம் 12.40, ஆர்டிஜிஎஸ். யூடிஆர்: ABCDR52025061200012345. அனுப்பிய கணக்கின் பெயர் வங்கியில் இருப்பதுபோல் கீழே கொடுத்துள்ளேன். பணம் போன கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 7713, ஐஎஃப்எஸ்சியும் கீழே. இன்று காலை 10 மணி வரை எங்கள் கணக்குக்குத் திரும்பவில்லை. 7713 உங்கள் கணக்குதானா, இப்போதும் அது உபயோகத்தில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். ஆமாம் என்றால், அந்தக் கணக்கின் 12-ஆம் தேதி ஸ்டேட்மென்ட்டில் தொகையை விட்டுவிட்டு யூடிஆரை வைத்துத் தேடிப் பார்க்க வேண்டுகிறேன். எங்கள் வங்கியிலும் கிரெடிட் கன்ஃபர்மேஷன் கேட்கிறோம்.”

இதில் உயிர் இருப்பது 7713 பற்றிய அந்தக் கேள்வியில். “பணம் வந்ததா” என்று கேட்டால் “இல்லீங்க” என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். “7713 உங்களுடையதா” என்று கேட்டால் அவர் எழுந்து போய்ப் பார்த்தே ஆக வேண்டும்.

வெள்ளகோவில் பக்கம் தறி வைத்திருக்கும் ஒருவர் ஈரோட்டு நூல் வியாபாரிக்கு ₹2,75,000 போட்டார். இதே பல்லவி: இவர் ஸ்கிரீன்ஷாட், அவர் “ஏறலீங்க”. இவர் மறுபடியும் அதே ஸ்கிரீன்ஷாட், அவர் மறுபடியும் “ஏறலீங்க”. அந்தப் படத்தில் வியாபாரியின் பெயர் பெரிதாகவும் பச்சை டிக் அதைவிடப் பெரிதாகவும் இருந்தன; கணக்கு எண் மட்டும் நட்சத்திரக் குறிகளுக்குள் பாதி மறைந்திருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. கடைசியில் கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை எழுதிக் கேட்கச் சொன்னேன். கணக்கு எழுதும் பையன், “இந்த நம்பர் நம்முளுது இல்லீங்களே” என்றான். ஓனர் போனை வாங்கிப் பார்த்ததும், “அட, இது பழைய சிசி அக்கவுண்ட்டுங்க” என்றார்.

நடந்தது இதுதான். வியாபாரி தன் கேஷ் கிரெடிட் லிமிட்டை ஆறேழு மாதத்துக்கு முன் வேறு வங்கிக்கு மாற்றியிருந்தார். பில்லின் அடியில் புதுக் கணக்கு அச்சாகி வந்துகொண்டிருந்தது. பழைய வங்கியில் ஏதோ ஒரு பேங்க் கேரன்டி முடியாததால் கணக்கை மூடவில்லை. தறிக்காரரின் நெட் பேங்கிங்கில் பெனிஃபிஷியரி பழையபடியே இருந்தது. பெயரும் சரி, ஆளும் சரி, கணக்கு மட்டும் யாரும் திறந்து பார்க்காத கணக்கு. மூடியிருந்தால் பணம் அன்றைக்கே திரும்பியிருக்கும். மூடாததால் அமைதியாக ஏறிவிட்டது. புது வங்கியின் ஸ்டேட்மென்ட்டை மட்டும் பார்க்கும் பையன் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பணம் வியாபாரியின் சொந்தக் கணக்கிலேயே இருந்ததால் பில்லுக்கு வரவு வைத்துவிட்டு, பழைய வங்கியிலிருந்து எடுத்துக்கொள்வதை அவரே பார்த்துக்கொண்டார்.

இந்தப் பக்கத்தில் பழைய விவரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ்ஸோடு சேர்ந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் கார்ப்பரேஷன், சிண்டிகேட் போன்றவையும் வேறு வங்கிகளோடு இணைந்தன. பழைய பில் புத்தகத்தில் பழைய ஐஎஃப்எஸ்சி இன்னும் கிடக்கும். ஆனால் செல்லாத ஐஎஃப்எஸ்சியில் பொதுவாகப் பணம் போகாது, அல்லது திரும்பிவிடும். ‘Completed’ என்று நின்று, திரும்பாமலும் இருக்கிற உங்கள் கதைக்கு அது பொருந்தாது.

மில் “7713 எங்களுடையதுதான், யூடிஆரை வைத்தும் தேடிவிட்டோம், இல்லை” என்று எழுதினால் உங்கள் வங்கிக் கிளைக்குப் போங்கள். கவுன்டரில் “பணம் போயிடுச்சான்னு பாருங்க” என்று கேட்காதீர்கள். அவர்களும் திரையைப் பார்த்து “சக்சஸ் சார்” என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். “இந்த யூடிஆருக்கு எதிர் வங்கியிடமிருந்து கிரெடிட் கன்ஃபர்மேஷன் வந்திருக்கிறதா, எந்தத் தேதி, எந்த நேரம், எந்தக் கணக்கு எண்ணில் ஏற்றினார்கள்” என்று கடிதமாகவே எழுதிக் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். வரவு வைத்ததும் எதிர் வங்கி அனுப்பியவரின் வங்கிக்கு ஒரு உறுதித் தகவல் அனுப்பும் ஏற்பாடு இரண்டு முறையிலும் உண்டு. அதன் அடிப்படையில்தான் கேட்கிறீர்கள். வந்த பதிலை அப்படியே மில்லுக்கு அனுப்புங்கள். நேரமும் கணக்கு எண்ணும் போட்ட கடிதத்தை எடுத்துக்கொண்டு மில் தன் வங்கிக்குப் போனால் அங்கே மழுப்ப இடமிருக்காது. எதிர் வங்கி உண்மையிலேயே தாமதித்திருந்தால், அந்த நாட்களுக்கு ரெப்போ விகிதத்தோடு 2 சதவீதம் சேர்த்து வட்டி தர வேண்டும் என்பது நெஃப்ட்டுக்கான விதி. சில நாள் தாமதத்துக்கு வரும் காசு பெரிதாக இருக்காது. ஆனால் கடிதத்தில் அந்த வரி இருந்தால் கோப்பு நகரும். உங்கள் வங்கி 30 நாளில் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in வழியாகப் புகார் போடலாம்.

ஒப்பிட்டுப் பார்த்தபோது இலக்கம் ஒன்று மாறியிருந்து, அது முன்பின் தெரியாதவர் கணக்கு என்றால் மில்லிடம் வாதாட ஒன்றுமில்லை. பில் பாக்கி அப்படியே நிற்கிறது. அன்றே உங்கள் வங்கியில் தவறான வரவு என்று எழுத்தில் கொடுங்கள். அவர்கள் எதிர் வங்கிக்கு எழுதுவார்கள், எதிர் வங்கி அந்தக் கணக்குக்காரரின் சம்மதத்தைக் கேட்கும். அவர் சம்மதிக்காவிட்டால் போலீஸ், கோர்ட் என்று இழுக்கும். இதில் நேரம் முக்கியம், அவர் எடுத்துச் செலவழிப்பதற்கு முன் வங்கிக்குத் தெரிய வேண்டும்.

கடைசியாக, இதுதான் உண்மையில் பயப்பட வேண்டியது. “வரலீங்க” என்று உங்களுக்கு யார் சொன்னார்? போனில் பழகிய குரலா, அல்லது மெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வந்த எழுத்து மட்டுமா? “அந்தக் கணக்கில் ஆடிட் பிரச்சினை, பணம் ஏறவில்லை, இந்தப் புதுக் கணக்குக்கு மறுபடி போடுங்கள்” என்று ஒரு வரி சேர்ந்து வந்தால், அது மில் அனுப்பியதே இல்லை என்று நினைத்துக்கொண்டு நடந்துகொள்ளுங்கள். மில்லின் மெயிலுக்குள் புகுந்து, பில்களைப் படித்துவிட்டு, சரியான பில் எண்ணோடும் தொகையோடும் எழுதுகிற கும்பல்கள் உண்டு. மெயில் முகவரியில் ஓர் எழுத்து மட்டும் மாறியிருக்கும். அந்தச் செய்தியிலேயே இருக்கும் எண்ணைக் கூப்பிடாமல், உங்கள் போனில் வருடக்கணக்காக இருக்கும் ஓனரின் எண்ணையோ, பழைய பில்லில் அச்சான எண்ணையோ கூப்பிடுங்கள். “ஏனுங்கண்ணா, கணக்கு மாத்தீட்டீங்களா?” என்ற ஒரு கேள்வி போதும்.

ஏற்கெனவே அப்படி வந்த புதுக் கணக்குக்குத்தான் இந்த ₹3,48,180-ஐயும் போட்டிருக்கிறீர்கள் என்றால், மேலே சொன்ன கடிதம், கன்ஃபர்மேஷன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உடனே 1930-ஐக் கூப்பிடுங்கள், cybercrime.gov.in-இலும் பதியுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குப் பிரிந்து ஓடுவதற்குள் முடக்க வேண்டும். அங்கே நாள் கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

மெஷின் நிற்கிற பிரச்சினைக்கு வருகிறேன். அதை அக்கவுண்டன்ட்டோடு பேசாதீர்கள். வண்டி விடும் அதிகாரம் அவரிடம் இல்லை, அவருக்கு வந்த உத்தரவு “ஏறுனா விடு” என்பதுதான். மேலே உள்ள எழுத்தை அவருக்கு அனுப்பிவிட்டு, அதையே ஓனருக்கோ விற்பனை மேனேஜருக்கோ அனுப்பி, உடனே போன் போடுங்கள். “பணம் உங்க பக்கம் எங்கேயோ ஏறியிருக்குதுங்க, பேங்க் லெட்டர் வாங்கித் தர்றேன், அதுக்குள்ள பாதி பேக் மட்டும் விடுங்க, மெஷின் ஓடட்டும்” என்று கேட்டால், பல வருடப் பழக்கத்தில் பெரும்பாலும் விடுவார்கள். இடையில் நூல் ஏஜென்ட் இருந்தால் அவரையும் இழுத்துவிடுங்கள். இரு பக்கமும் பேசி ஜாமீன் சொல்வதற்கும் சேர்த்துத்தான் அவருக்குக் கமிஷன் போகிறது.

பணம் கிடைத்ததும் “வந்துருச்சுங்க” என்ற வாய்வார்த்தையோடு விட்டுவிடாமல், டெபிட் நோட்டும் சேர்ந்து பில் 1187 பூஜ்யமானதைக் காட்டும் லெட்ஜர் நகலை வாங்குங்கள். கோளாறு பழைய பெனிஃபிஷியரியில்தான் என்றால் அதை அன்றைக்கே நெட் பேங்கிங்கிலிருந்து நீக்கிவிடுங்கள். அதே பெயரில் பழையதும் புதியதுமாக இரண்டு வரி இருந்தால், அடுத்த பில்லுக்கு அவசரத்தில் விரல் பழையதன் மேல்தான் போகும்.